கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே அரைப் பக்கம்

நாவல் கைப்பிரதிகளைச் செம்மைப்படுத்துவது என் தொழில். முதல் வாசகர்கள் "இந்த இடம் இழுக்கிறது" என்று சொன்னதும் எழுதியவர் பெரும்பாலும் வர்ணனையில் கை வைக்கிறார். மரத்தையும் மழையையும் வெட்டிய பிறகும் காட்சி இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. அப்படிப்பட்ட பக்கங்களை நான் பார்க்கும்போது பழுது பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்கிறது. ஒருவர் கேள்வி கேட்டுவிட்டார். மற்றவர் பதில் சொல்வதற்குள் அவருடைய மனம் அரைப் பக்கம் ஓடிவிட்டது.

விளக்குவதற்காக நானே எழுதிய மாதிரி ஒன்றைத் தருகிறேன். கடனில் இருக்கும் செல்வம், பூர்வீக வீட்டில் அக்காவுக்குள்ள பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தோடு அவள் வீட்டுக்குப் போகிறான். அக்கா மொச்சை உரித்துக்கொண்டிருக்கிறாள்.

"கையெழுத்து வாங்கத்தான் வந்தாயா?"

செல்வத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படிக் கண்டுபிடித்தாள்? யார் சொல்லியிருப்பார்கள்? அக்காவிடம் எதையும் மறைக்க முடியாது என்று நினைத்தான். சின்ன வயதில் பள்ளிக் கட்டணப் பணத்தில் அவன் பம்பரம் வாங்கியதை அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். அப்பாவிடம் சொல்லாமல் தன் உண்டியலை உடைத்துக் கொடுத்தாள். அந்த அக்காவிடமா பங்கை எழுதிக் கேட்பது? ஆனால் மாதக் கடைசிக்குள் பணம் கட்டாவிட்டால் கடைக்குப் பூட்டுதான். உண்மையைச் சொல்வதா, மழுப்புவதா? குற்ற உணர்வு அவனை வாட்டியது.

"என்னடா, பதிலையே காணோம்?"

நினைவுகளிலிருந்து மீண்டான். "இல்லை அக்கா, உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்."

இரண்டு பேர் நேருக்கு நேர் பேசும் காட்சியில் வாசகர் அந்த அறையின் நேரத்திலேயே இருக்கிறார். அக்கா கேட்டதும் அவரும் பதிலுக்குக் காத்திருக்கிறார். பதில் வரும்போது கேள்வியின் சூடு ஆறியிருக்கிறது. இது எழுதியவருக்கே உள்ளூரத் தெரியும், அதனால்தான் "என்னடா, பதிலையே காணோம்?" என்று அக்காவைக் கேட்க வைக்கிறார். "நினைவுகளிலிருந்து மீண்டான்", "சட்டென்று சுயநினைவுக்கு வந்தாள்" போன்ற வரிகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. உங்கள் பிரதியில் இவற்றைத் தேடிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே, அளவுக்கு மீறி வளர்ந்த ஒரு யோசனை இருக்கும்.

இதற்காக அந்தப் பத்தியை மொத்தமாக அடித்துவிடக் கூடாது. அதற்குள் தனித்தனி வேலை உள்ள வாக்கியங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. பென்சிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியமாகப் போக வேண்டும். தூக்கிவாரிப் போட்டதும், எப்படிக் கண்டுபிடித்தாள் என்ற திகைப்பும், குற்ற உணர்வும் அடுத்து வரும் பொய்யிலேயே தெரிந்துவிடுகின்றன. அவற்றை எடுத்துவிடலாம். கடைக்குப் பூட்டு விழும் என்பது தகவல்; அதுவும் முக்கியமானது. ஆனால் செல்வம் வாசற்படி ஏறும் முன்பே வாசகருக்கு அது தெரிந்திருந்தால்தான் அக்காவின் கேள்வி குத்தும். ஆகவே அது, அவன் அக்கா வீட்டுக்கு வரும் பஸ் பயணத்துக்குப் போகிறது. உண்டியல் கதைதான் இந்தப் பத்தியின் உயிர். அதை எங்கே வைப்பது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் காட்சி:

"கையெழுத்து வாங்கத்தான் வந்தாயா?"

செல்வம் மடியிலிருந்த பையை நாற்காலிக்கு அடியில் தள்ளினான். "உன்னைப் பார்க்கத்தான் வந்தேன் அக்கா."

அக்கா இன்னொரு மொச்சையை உரித்துக் கிண்ணத்தில் போட்டாள். "பேனா இருக்கிறதா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அது சட்டைப் பையில் வெளியே தெரிந்துகொண்டிருந்தது.

இதிலும் யோசனை இருக்கிறது, ஒரே ஒரு வரி. அவன் இன்னொரு பொய்க்குத் தயாராகிறான், கண்ணெதிரே உள்ள பேனா அதைத் தடுக்கிறது. மனம் ஒன்றை முடிவு செய்யப் போகும் இடம், வாய் சொல்வதற்கு நேர்மாறாக மனம் போகும் இடம், எதிரில் இருப்பவரைத் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம்: இங்கெல்லாம் எண்ணத்தை நான் தொடவே மாட்டேன். அக்கா பையைப் பார்க்கவில்லை என்று செல்வம் நம்பினால், அந்த நம்பிக்கையை எழுதத்தான் வேண்டும். வாசகருக்கு அவனைவிடக் கூடுதலாகத் தெரியும் என்பதால் அந்த வரி காட்சியை இறுக்கும்.

"என்று நினைத்தான்" என்ற ஒட்டு போனதையும் கவனித்திருப்பீர்கள். நாம் செல்வத்தின் பக்கத்திலேயே நின்று பார்க்கும்போது "இல்லை என்று சொல்லிவிடலாம்" என்பது யாருடைய எண்ணம் என்று யாருக்கும் சந்தேகம் வராது. படர்க்கையில் எழுதும் பலர் பக்கத்துக்குப் பக்கம் நினைத்தான், தோன்றியது, உணர்ந்தான் என்று முத்திரை குத்துகிறார்கள். தன்மையில் எழுதும்போது இது இன்னும் தேவையற்றது. அங்கே சொல்லப்படும் எல்லாமே சொல்பவருக்குத் தோன்றியதுதான்.

இனி உண்டியல். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டாள். செல்வம் ஊர் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான், மடியில் அதே பை. இங்கே யாரும் அவனிடம் பதிலை எதிர்பார்க்கவில்லை. உண்டியல் நினைவை அரைப் பக்கம் என்ன, ஒரு பக்கமே எழுதலாம். கையெழுத்துக்கு முன்னால் அது அக்கா நல்லவள் என்று மட்டும் சொல்லியது. இப்போதோ, அவள் இரண்டாம் முறையும் உடைத்துக் கொடுத்துவிட்டாள் என்பதை வாசகர் தானாகவே சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார்.

எண்ணத்தைக் குறையுங்கள் என்று சொன்னதும் சிலர் அந்த வெற்றிடத்தைப் பெருமூச்சால் நிரப்புகிறார்கள். கதாபாத்திரங்கள் தலைமுடியைக் கோதுகிறார்கள், உதட்டைக் கடிக்கிறார்கள், ஜன்னலுக்கு வெளியே வெறிக்கிறார்கள். இவை உடல் அசைவுகள்தான். காட்சியில் எதையும் நகர்த்தும் செயல்கள் அல்ல. அந்த அசைவை நீக்கிப் பாருங்கள். அடுத்த வரியின் பொருள் மாறவில்லை என்றால் அது வெறும் நிரப்பல். செல்வம் பையைத் தள்ளுவதை நீக்கினால், பேனாவைப் பற்றி அக்கா கேட்பதன் கூர்மை பாதியாகிவிடும். அவன் எதையோ மறைக்கிறான் என்பதற்கு அவளுக்குக் கண்முன் கிடைக்கும் ஆதாரம் அந்தப் பைதானே.

நனவோடை உத்தியில் எழுதுபவர்கள் இதை எதிர்த்து வாதிடுவார்கள், அதில் நியாயம் உண்டு. அங்கே எண்ணமே நிகழ்ச்சி. ஆனால் அந்த வகை எழுத்திலும் நான் ஒன்றைப் பார்ப்பேன்: எண்ணம் தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் நடுவே மனம் நகர்ந்திருக்கிறதா? நம் முதல் மாதிரியில் செல்வம் அக்காவுக்குத் தெரிந்துவிட்டதே என்ற பதற்றத்தில் தொடங்கி, எதையும் தீர்மானிக்காமல் அதே பதற்றத்தில் நிற்கிறான். அத்தனை வாக்கியங்களும் நின்ற இடத்திலேயே சுற்றி வந்தன.

இந்த வேலையை முதல் வரைவில் செய்ய வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். முதல் முறை எழுதும்போது அந்த நீண்ட யோசனைகள் தேவை. செல்வம் யார், அவனுக்கும் அக்காவுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதை எழுத்தாளரே அவற்றின் வழியாகத்தான் கண்டுபிடிக்கிறார். கதை முழுதாக முடிந்த பிறகு, உரையாடல் உள்ள காட்சிகளை மட்டும் காகிதத்தில் எடுத்து, எண்ண வரிகளின் கீழ் நீலக்கோடு போடுங்கள். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இரண்டு வரிக்கு மேல் நீலம் இருந்தால் அங்கே நின்று பாருங்கள். நீக்கிய வரிகளைத் தனிக் கோப்பில் போட்டு வையுங்கள். பம்பரத்தைப் பற்றி அக்கா என்ன நினைத்தாள் என்று அவள் பார்வையில் ஓர் அத்தியாயம் எழுத நேர்ந்தால் அவை தேவைப்படும்.