ஒருவழி மாறுபாட்டுப் பகுப்பாய்வு: சராசரியை ஒப்பிடும் சோதனைக்கு மாறுபாட்டின் பெயர் ஏன்?

மின் ஸ்கூட்டர் வாங்கும் எண்ணம் வயதுக்கு வயது வேறுபடுகிறதா என்று ஒருவர் ஆய்வு செய்கிறார். 18–30, 31–45, 46–60 என மூன்று வயதுக் குழுக்கள். அவருக்குத் தெரிய வேண்டியது மூன்று குழுக்களின் சராசரி எண்ணம் ஒன்றுதானா, வேறா என்பதுதான். ஆனால் வழிகாட்டி செய்யச் சொல்லும் சோதனையின் பெயரில் சராசரி என்ற சொல்லே இல்லை. ‘ஒன்-வே அனோவா’ என்கிறார்கள். ‘அனோவா’ என்பது ‘அனாலிசிஸ் ஆஃப் வேரியன்ஸ்’ என்பதன் சுருக்கம். தமிழில் ஒருவழி மாறுபாட்டுப் பகுப்பாய்வு.

‘வேரியன்ஸ்’ என்பது ஆங்கிலத்தில் வேறுபாடு, கருத்து முரண் என்ற பொருளில் முன்பே புழங்கிய சொல். அதற்குப் புள்ளியியல் பொருள் கொடுத்தவர் ரொனால்ட் ஃபிஷர். 1918இல் மரபுப் பண்புகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் திட்ட விலக்கத்தின் வர்க்கத்துக்கு இந்தப் பெயரை வைத்தார். திட்ட விலக்கம் என்ற அளவு ஏற்கெனவே இருக்கும்போது அதன் வர்க்கத்துக்குத் தனிப்பெயர் எதற்கு? ஒன்றையொன்று சாராத இரண்டு காரணங்கள் ஒரு அளவை ஏற்ற இறக்கமாக்கினால், அவற்றின் திட்ட விலக்கங்களைக் கூட்டி மொத்த விலக்கத்தைப் பெற முடியாது. வர்க்கங்களைக் கூட்டினால் மொத்தம் சரியாக வரும். கூட்ட முடிவதைப் பிரிக்கவும் முடியும். மொத்த மாறுபாட்டில் எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்ப்பதுதான் பகுப்பாய்வு. அடுத்த ஆண்டு அவர் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். விளைச்சலில் உரத்தின் பங்கு எவ்வளவு, மண்ணின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க இதே முறையை வளர்த்தார். 1925இல் வந்த அவருடைய நூல் அதை மற்றத் துறைகளுக்கும் கொண்டுசென்றது. சோதனையின் விடையை F என்று குறிக்கும் வழக்கம் அமெரிக்கரான ஸ்னெடெகர் ஃபிஷரின் நினைவாக வைத்தது.

தமிழில் ‘வேரியன்ஸ்’ஸுக்கு ஒரே சொல் நிலைக்கவில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிக் கணக்கில் அது ‘விலக்க வர்க்கச் சராசரி’. கணக்கிடும் வழியையே சொல்லிவிடும் நல்ல பெயர், ஆனால் ‘பகுப்பாய்வு’ என்பதைப் பின்னால் சேர்த்தால் மூச்சு வாங்கும். ‘பரவற்படி’ என்றும் எழுதுகிறார்கள். இலங்கையில் ‘மாறற்றிறன்’. ‘மாறுபாடு’ என்பதில் ஒரு சிக்கல் உண்டு: அன்றாடப் பேச்சில் அது எந்த வேறுபாட்டையும் குறிக்கும். ஆனாலும் முழுத்தொடராக ‘மாறுபாட்டுப் பகுப்பாய்வு’ என்று எழுதும்போது குழப்பம் வருவதில்லை. ஆய்வேட்டில் முதல்முறை ‘மாறுபாட்டுப் பகுப்பாய்வு (அனோவா)’ என்று எழுதிவிட்டால் போதும்.

‘ஒருவழி’ என்பதுதான் அதிகம் தடுமாற வைக்கிறது. ஒருவழிப் பாதை போல ஒரு திசையில் மட்டும் சோதிப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். குழுக்கள் மூன்று என்பதால் இது ‘மூவழி’ ஆகாதா என்று வேறு சிலர் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை. ஆட்களை எத்தனை அடிப்படையில் பிரித்தோம் என்பதே வழிகளின் எண்ணிக்கை. வயது என்ற ஒரே அடிப்படையில் மூன்றாகப் பிரித்தாலும் ஏழாகப் பிரித்தாலும் ஒருவழிதான். வயதோடு பாலினத்தையும் சேர்த்தால் இருவழி. எக்செல் இதையே Anova: Single Factor என்று சொல்கிறது. அதைப் பின்பற்றி ‘ஒருகாரணி மாறுபாட்டுப் பகுப்பாய்வு’ என்று எழுதினால் தெளிவு கூடும்.

இன்னொரு சொல்: ‘பர்ச்சேஸ் இன்டென்ஷன்’. இதைக் ‘கொள்முதல் நோக்கம்’ என்று ஆய்வேடுகளில் எழுதுவதைப் பார்க்கலாம். கொள்முதல் என்றால் நெல் கொள்முதல், அரசுக் கொள்முதல் என்று மொத்தமாக வாங்குவதே நினைவுக்கு வரும். ஒரு ஆள் ஸ்கூட்டர் வாங்க நினைப்பதை ‘வாங்கும் எண்ணம்’ என்பதே இயல்பு. ‘அடுத்த ஓராண்டுக்குள் மின் ஸ்கூட்டர் வாங்க நினைக்கிறேன்’ போன்ற மூன்று நான்கு கூற்றுகளைக் கொடுத்து, 1 முதல் 7 வரை மதிப்பெண் இடச்சொல்லி, அவற்றின் சராசரியை ஒருவரின் எண்ணமாக எடுத்துக்கொள்வது வழக்கம்.

கையால் போட்டுப் பார்க்க வசதியாகக் குழுவுக்கு ஆறு பேர் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. இளையோர்: 6, 5, 7, 6, 5, 7. நடுவயதினர்: 5, 6, 4, 5, 6, 4. மூத்தோர்: 4, 3, 5, 4, 2, 6. சராசரிகள் முறையே 6, 5, 4. பதினெட்டுப் பேருக்கும் சேர்த்துச் சராசரி 5.

முதலில் குழுக்களுக்கு இடையிலான பங்கு. ஒவ்வொரு குழுவின் சராசரியும் மொத்தச் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்த்து, அதை வர்க்கமாக்கி, ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். இளையோர் 1 தள்ளி, நடுவயதினர் 0, மூத்தோர் 1. ஆக 6 + 0 + 6 = 12. அடுத்தது குழுவுக்கு உள்ளேயான பங்கு. ஒவ்வொருவரும் தம் குழுவின் சராசரியிலிருந்து தள்ளியிருக்கும் அளவை வர்க்கமாக்கிக் கூட்டினால் இளையோரில் 4, நடுவயதினரில் 4, மூத்தோரில் 10, மொத்தம் 18. வயதை மறந்துவிட்டுப் பதினெட்டுப் பேரையும் 5இலிருந்து அளந்தால் 30 வரும். 12உம் 18உம் சேர்ந்தால் அதே 30. ஃபிஷர் வர்க்கத்தைத் தேர்ந்தெடுத்ததன் பயன் இதுதான்.

12ஐயும் 18ஐயும் அப்படியே ஒப்பிடக் கூடாது. ஒன்று மூன்று சராசரிகளிலிருந்து வந்தது, மற்றது பதினெட்டுப் பேரிடமிருந்து வந்தது. அதனால் ஒவ்வொன்றையும் அதனதன் வரையின்மைப் படிகளால், அதாவது கட்டுப்பாடின்றி மாறக்கூடிய மதிப்புகளின் எண்ணிக்கையால், வகுக்கிறோம். குழுக்கள் 3 என்பதால் இடையே 3 − 1 = 2. உள்ளே 18 − 3 = 15. 12ஐ 2ஆல் வகுக்க 6, 18ஐ 15ஆல் வகுக்க 1.2. இவற்றின் விகிதம் 6 / 1.2 = 5. இதுவே F. 5 விழுக்காட்டு நிலையில் அட்டவணை காட்டும் எல்லை 3.68. நம்முடையது அதைத் தாண்டுகிறது. கணினி p = 0.022 என்று தரும். மூன்று குழுக்களுக்கும் உண்மையில் ஒரே சராசரிதான் என்றால், இவ்வளவு பெரிய F தற்செயலாக வர 100க்கு ஏறக்குறைய 2 வாய்ப்புதான் என்று அதற்குப் பொருள்.

இப்போது தலைப்புக் கேள்விக்கு வரலாம். சராசரிகளை அப்படியே 6, 5, 4 என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழுவுக்குள்ளும் ஆட்கள் இன்னும் சிதறி, உட்பங்கு 18க்குப் பதில் 60 ஆகிறது என்று கொள்வோம். 60ஐ 15ஆல் வகுக்க 4; F = 6 / 4 = 1.5, p ஏறத்தாழ 0.25. அதே சராசரிகள், ஆனால் இப்போது வேறுபாடு இருப்பதாகச் சொல்ல முடியாது. ஒரே வயதுக்காரர்களே ஒருவருக்கொருவர் இவ்வளவு வேறுபடும்போது, குழுக்களுக்கு இடையே தெரியும் ஒரு மதிப்பெண் இடைவெளி தற்செயலாகவே வந்திருக்கலாம். சராசரிகளின் இடைவெளி பெரிதா என்பதை உள்ளே இருக்கும் சிதறலை வைத்துத்தான் சொல்ல முடிகிறது. அதனால்தான் பெயர் மாறுபாட்டின் மேல் நிற்கிறது.

மூன்று ஜோடிகளுக்கும் தனித்தனியாக, இரண்டு சராசரிகளை ஒப்பிடும் t சோதனை செய்தால் ஆகாதா? வேறுபாடே இல்லாதபோது இருப்பதாகச் சொல்லும் பொய் எச்சரிக்கைக்கு ஒவ்வொன்றிலும் 5 விழுக்காடு இடம் கொடுத்தால், மூன்றில் ஒன்றாவது பொய்யாக அடிக்கும் வாய்ப்பு 14 விழுக்காடு வரை போகக்கூடும். முதலில் F, அதன்பின் துக்கி சோதனை என்ற ஒழுங்கு இதற்காகத்தான். ‘எங்கோ ஒரு வேறுபாடு உண்டு’ என்பதோடு F நின்றுவிடும். எந்த ஜோடியில் என்பதைத் துக்கி சொல்லும். நம் தரவில் இரண்டு சராசரிகளுக்கு இடையே குறைந்தது 1.64 இடைவெளி இருந்தால்தான் அது வேறுபாடாகக் கொள்ளப்படும். இளையோருக்கும் மூத்தோருக்கும் இடையே 2, தாண்டுகிறது. மற்ற இரண்டு ஜோடிகளிலும் 1தான், தாண்டவில்லை. எக்செல் F வரைக்கும் தரும், துக்கி தராது. R மொழியில், தரவு d என்ற அட்டவணையில் இருந்தால், இவ்வளவுதான்:

```r
d$vayathu <- factor(d$vayathu)
m <- aov(ennam ~ vayathu, data = d)
summary(m)
TukeyHSD(m)
```

முதல் வரியை விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. வயதுக் குழுக்களை 1, 2, 3 என்று பதிந்திருந்தால், R அவற்றை அளவுகளாக எடுத்துக்கொண்டு நேர்கோடு ஒன்றைப் பொருத்திவிடும். நம் தரவில் அப்போது F 5 வராது, 10.67 வரும். எண் பெரிதாக இருப்பதால் மகிழ்ந்துபோய்க் கவனிக்காமல் விடுவார்கள். விடையில் வரையின்மைப் படிகளைக் காட்டும் `Df` என்ற பத்தியைப் பார்த்தால் பிடிபடும்: மூன்று குழுக்களுக்கு 2 இருக்க வேண்டிய இடத்தில் 1 இருக்கும். `TukeyHSD` வரியும் பிழை காட்டி நின்றுவிடும்.

தரவிலேயே வரும் கோளாறு வேறு. எல்லாக் குழுக்களிலும் உட்சிதறல் ஏறக்குறைய ஒன்று என்பது இந்தச் சோதனையின் அனுமானம். குழுக்கள் ஒரே அளவில் இருந்தால் சிதறல் கொஞ்சம் வேறுபட்டாலும் தாங்கும். ஆனால் கூகுள் படிவத்தை வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விட்டால் இளையோர் 200 பேரும் மூத்தோர் 30 பேரும் பதில் அளிப்பார்கள். மூத்தோரிலோ ஏற்கெனவே முடிவெடுத்தவரும் தொடவே மாட்டேன் என்பவரும் கலந்திருப்பார்கள், சிதறல் அதிகம். சிறிய குழுவில் பெரிய சிதறல் என்பது மோசமான சேர்க்கை. பொய் எச்சரிக்கை 5 விழுக்காட்டைத் தாண்டிப் போகும். அங்கே சிதறல்கள் சமம் என்று கொள்ளாத வெல்ச் முறையைப் பயன்படுத்த வேண்டும். R மொழியில் `oneway.test` தானாகவே அதைத்தான் செய்கிறது. அதன்பின் ஜோடி ஒப்பீட்டுக்குத் துக்கிக்குப் பதில் கேம்ஸ்–ஹவல்.

முடிவை எழுதும்போது இப்படி எழுதலாம்: ‘வாங்கும் எண்ணம் வயதுக் குழுக்களுக்கு இடையே வேறுபடுகிறது, F(2, 15) = 5.00, p = 0.022. மொத்த மாறுபாட்டில் வயதுக் குழுவின் பங்கு 12 / 30 = 0.40. 18–30 வயதினரின் எண்ணம் 46–60 வயதினருடையதைவிட அதிகம். மற்ற ஜோடிகளில் வேறுபாடு உறுதிப்படவில்லை.’ ‘வயது கூடக் கூட எண்ணம் குறைகிறது’ என்று எழுதக் கூடாது. பக்கத்துப் பக்கத்துக் குழுக்களுக்கு இடையே வேறுபாட்டை நாம் காட்டவில்லை. அதோடு, இவர்கள் ஒரே நாளில் கேட்கப்பட்ட மூன்று தலைமுறையினர். இன்றைய இளையோர் ஐம்பது வயதில் என்ன நினைப்பார்கள் என்பதற்கு இந்தத் தரவில் விடை இல்லை.