கால் வீங்கினால் கழுத்தைப் பார்ப்பது ஏன்?

இரண்டு கணுக்காலும் உப்பியிருக்கின்றன. விரலால் அழுத்தி எடுத்தால் குழி விழுகிறது. "நீர் கோத்திருக்கு" என்பதுவரை யாரும் சொல்லிவிடலாம். அந்த நீர் இதயத்தால் வந்ததா, சிறுநீரகத்தால் வந்ததா, கல்லீரலால் வந்ததா, காலின் சிரைகளால் வந்ததா என்று கேட்டால், அந்தக் குழியை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் பதில் கிடைப்பது அரிது. பள்ளத்தைப் பார்த்துத்தான் தண்ணீர் ஓடும். நிற்கும் மனிதனுக்குப் பள்ளம் கணுக்கால். எங்கே கோளாறு என்றாலும் நீர் கடைசியில் வந்து சேரும் இடம் அதுதான். படுக்கையிலேயே கிடக்கும் நோயாளிக்குக் கால் வற்றிப்போய், இடுப்புக்குப் பின்புறம் வீங்கியிருப்பதும் இதனால்தான்.

மிக நுண்ணிய ரத்தக்குழாய்களில் இரண்டு விசைகள் இழுபறி நடத்துகின்றன. உள்ளே இருக்கும் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதம் நீரை உள்ளேயே பிடித்து வைக்கப் பார்க்கிறது. அழுத்தம் கூடினாலும் நீர் கசியும், அல்புமின் குறைந்தாலும் கசியும். இதயம் திணறும்போதும் காலின் சிரைகள் கெடும்போதும் முக்கியமாக அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரகம் புரதத்தை ஒழுக விடும்போதும் கல்லீரல் புரதம் செய்வதைக் குறைக்கும்போதும் அல்புமின் இறங்குகிறது. காலின் சிரைக் கோளாறு தவிர மற்ற நிலைகளில் உடல் உப்பையும் நீரையும் தேக்கிக்கொள்வது தனிக்கதை. குழி தெரியும் அளவுக்கு வீங்குவதற்கு முன்பே உடம்பில் இரண்டு மூன்று லிட்டர் நீர் கூடியிருக்கும். அதனால் எடை பார்க்கும் இயந்திரம் கணுக்காலை முந்திக்கொள்வது உண்டு.

அழுத்தம் ஏறியிருக்கிறது என்றால், எங்கிருந்து ஏறியிருக்கிறது? இதைச் சொல்வது கழுத்து.

கழுத்தின் வலப்பக்கம் உள்ளே ஓடும் பெரிய சிரை, இதயத்தின் வலது மேலறைக்குள் ஏறக்குறைய நேராகப் போய்ச் சேருகிறது. நடுவில் பெரிய தடை ஏதும் இல்லை. எனவே அந்தச் சிரையில் ரத்தம் எவ்வளவு உயரம் நிற்கிறதோ, அதுவே வலது மேலறையின் அழுத்தம். இயற்கையே வைத்துக் கொடுத்த அளவுக்குழாய் என்று சொல்லலாம். நோயாளியை 45 பாகை சாய்த்துப் படுக்க வைத்து, தலையைச் சற்று இடப்பக்கம் திருப்பச் சொல்லி, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழச் செய்து பார்க்க வேண்டும். தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய அசைவு தெரியும். நெஞ்செலும்பின் மேற்பகுதியைத் தடவினால் தட்டுப்படும் சிறு மேட்டிலிருந்து, அந்த அசைவின் உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று நேர்செங்குத்தாக அளக்கிறார்கள். சுமார் 3 சென்டிமீட்டர்வரை இயல்பு. அதற்கு மேல் என்றால் அழுத்தம் ஏறியிருக்கிறது.

துடிப்பது சிரைதானா, தமனியா என்ற குழப்பம் எல்லாருக்கும் வரும். தமனியின் துடிப்பு விரலில் தட்டும். சிரையின் அசைவு பெரும்பாலும் கண்ணுக்குத்தான் தெரியும், ஒரு நாடிக்கு இரண்டு முறை அலைபாயும், உட்கார வைத்தால் கீழே இறங்கும்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 58. இரண்டு மாதமாக வயிறு பெருத்து, இரண்டு காலும் முழங்கால்வரை வீங்கியிருக்கின்றன. கண் லேசாக மஞ்சள். ரத்தத்தில் மஞ்சள் நிறம் தரும் பிலிருபின் 2.4 என ஏறியிருக்கிறது, அல்புமின் 3.4 எனச் சற்றே குறைந்திருக்கிறது. ஸ்கேனில் பெரிய கல்லீரலும் வயிற்றில் நீரும் தெரிகின்றன. மஞ்சள் கண், வயிற்று நீர், கல்லீரல் வீக்கம் என்று மூன்றும் சேர்ந்தால் "ஈரல் நோய்" என்ற முடிவு நாக்கு நுனியில் வந்து நிற்கும். சிறுநீரில் புரதம் போகவில்லை, எனவே புரதம் ஒழுகும் சிறுநீரக நோய் இல்லை. அப்படி இருந்திருந்தால் சிறுநீர் நுரைத்திருக்கும், காலையில் எழும்போது கண் இமைகள் தடித்திருக்கும், அல்புமின் இதைவிட நன்றாகவே இறங்கியிருக்கும்.

சாய்த்துப் படுக்க வைத்தபோது கழுத்தில் எந்த அசைவும் தென்படவில்லை. பலர் தவறுவது இந்த இடத்தில்தான். அசைவு தெரியவில்லை என்றால் அழுத்தம் இல்லை என்று அர்த்தமாகாது. ரத்த மட்டம் தாடைக்கும் மேலே போய்விட்டால், அதன் உச்சி கண்ணுக்குத் தட்டுப்படாது. அவரை நிமிர்ந்து உட்கார வைத்ததும், காது மடலுக்குக் கீழே அந்த அசைவு தெரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தால் இயல்பான ஒருவருக்குக் காறை எலும்புக்கு மேல் எதுவும் தெரியக் கூடாது.

கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோயில் இப்படி வராது. அங்கே தடை கல்லீரலுக்குள் இருக்கிறது. குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலின் வாசலில் தேங்குகிறது, வயிறு முதலில் நிறைகிறது, கால் பின்னால் வீங்குகிறது. தடையைத் தாண்டிய பக்கத்தில், அதாவது இதயத்தின் பக்கத்தில், அழுத்தம் இயல்பாகவோ குறைவாகவோதான் இருக்கும். இவருக்கோ கழுத்தே நிறைந்திருக்கிறது. அப்படியானால் அடைப்பு கல்லீரலுக்கும் மேலே. இதயம் வாங்க மறுத்த ரத்தம் பின்னுக்குத் தேங்கி, கல்லீரலை ஊதவைத்து, கண்ணை மஞ்சளாக்கியிருக்கிறது.

வயிற்று நீரை ஊசியால் எடுத்துப் பார்த்தபோது அதுவும் ஒத்துச் சொன்னது. ரத்த அல்புமின் 3.4, நீரின் அல்புமின் 1.9, வித்தியாசம் 1.5. இந்த வித்தியாசம் 1.1 அல்லது அதற்கு மேல் என்றால் கல்லீரல் வழியாக ஓடும் ரத்தத்தில் அழுத்தம் ஏறியிருக்கிறது. ஆனால் இதயம், கல்லீரல் இரண்டிலும் அப்படி வரலாம். பிரித்துக் காட்டுவது நீரின் மொத்தப் புரதம். இவருக்கு 3.6. தழும்பேறிய கல்லீரலின் நுண்குழாய்கள் இறுகிப்போய்ப் புரதத்தை எளிதில் விடுவதில்லை, அதனால் அளவு பெரும்பாலும் 2.5-க்குக் கீழே நிற்கும். இதயத்தால் தேங்கிய கல்லீரலில் அந்தக் குழாய்களின் துளைகள் அகலமாகவே இருக்கின்றன, புரதமும் நீரோடு சேர்ந்து கசிகிறது. இதயத்தின் ஸ்கேனான எக்கோவில் வலப்பக்க இதய அறைகள் விரிந்து, வலப்பக்க வால்வு பெரிதாக ஒழுகுவது தெரிந்தது.

சிரை நோய்க்கு இவ்வளவு பாடு வேண்டாம், அது காலிலேயே தடம் விடும். கணுக்காலின் உட்புறத்தில் பழுப்புக் கறை, இறுகிய தோல், புடைத்த நரம்புபோன்ற சிரைகள், ஒரு கால் மற்றதைவிடப் பெரிது என்று அடையாளங்கள் இருக்கும், கழுத்து இயல்பாக இருக்கும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் ரத்தக்கட்டி சந்தேகம் வரவேண்டும். மூச்சும் வாங்கினால் அது அவசர நிலை. ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் மாத்திரையும் இரு கணுக்காலையும் வீங்க வைக்கும், கழுத்து ஏறாமலேயே.

கழுத்துக்கும் எல்லை உண்டு. சிறுநீரகம் செயலிழந்து உடம்பு முழுக்க நீர் நிரம்பினால், இதயம் நன்றாக இருந்தாலும் சிரை புடைக்கும். கழுத்து குட்டையாகவோ தடித்தோ இருந்தால் அசைவைக் காண்பதே கடினம். அப்போது பி.என்.பி. என்ற ரத்தப் பரிசோதனை துணைக்கு வரும். இதய அறைகள் இழுபடும்போது வெளியேறும் பொருள் அது, ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 100 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் இதயச் செயலிழப்பு இருக்கும் வாய்ப்பு குறைவு. ஆனால் உடல் பருமன் உள்ளவருக்கு அந்த எண் இயல்பைவிடத் தாழ்வாகவும், சிறுநீரக நோயாளிக்கு உயர்வாகவும் வரும். கழுத்தைப் பார்க்கச் சிரமமான அதே ஆட்களிடம்தான் பரிசோதனையும் தடுமாறுகிறது. அவர்களுக்கு எக்கோதான் வழி.