இரவில் அறுந்த பதிவேற்றம் மறுநாள் தொடர்வது எப்படி?

ஒவ்வோர் இரவும் 1 மணி முதல் 5 மணி வரை மட்டுமே இயங்க அனுமதிக்கப்பட்ட ஒரு தானியங்கிப் பணி, 40 ஜிபி அளவுள்ள ஒரு தரவுத்தளக் காப்புக் கோப்பைத் தொலைவிலுள்ள சேமிப்பகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இணைப்பின் வேகம் நொடிக்கு 20 மெகாபிட். சராசரியாக 20 நிமிடத்துக்கு ஒருமுறை அது அறுந்துபோகிறது. தடையே இல்லாவிட்டாலும் இந்தக் கோப்பு போய்ச் சேர 4 மணி 46 நிமிடம் ஆகும் என்பதால், ஓர் இரவுக்குள் அது முடியவே முடியாது. நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டு ஒரே ஓட்டமாக அனுப்ப முயன்றாலும் பயனில்லை. அறுபடல்கள் எவ்வித ஒழுங்குமின்றி நிகழ்பவை என்று கொண்டால், அவ்வளவு நேரமும் இணைப்பு ஒருமுறைகூட அறாமல் இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 16 லட்சத்தில் ஒன்றுதான்.

ஆகவே கோப்பைத் துண்டுகளாகப் பிரித்து அனுப்ப வேண்டியிருக்கிறது. அமேசான் எஸ்3 சேமிப்பகத்தில் இதற்கான நடைமுறை மூன்று கட்டங்களைக் கொண்டது. முதலில் `CreateMultipartUpload` என்ற அழைப்பு, அந்தப் பதிவேற்றத்துக்கென்று `UploadId` என்னும் அடையாளத்தைப் பெற்றுத் தருகிறது. அதன்பின் ஒவ்வொரு துண்டும் 1 முதல் 10,000 வரையிலான ஓர் எண்ணைத் தாங்கிச் செல்கிறது. ஒரு துண்டு முழுமையாக வந்து சேர்ந்ததும் சேவையகம் அதற்குரிய `ETag` மதிப்பைத் திருப்பி அனுப்புகிறது. எல்லாத் துண்டுகளும் சேர்ந்த பிறகு, எண்களையும் `ETag` மதிப்புகளையும் பட்டியலிட்டு `CompleteMultipartUpload` அழைப்பை அனுப்பினால்தான் அவை இணைந்து ஒரே கோப்பாகத் தோன்றும். அதுவரை அந்தப் பெயரில் புதிய கோப்பு எதுவும் யார் கண்ணுக்கும் படாது. எனவே பாதி வந்த கோப்பை முழுக் கோப்பென்று எண்ணி யாரும் எடுத்துவிட முடியாது.

துண்டின் அளவைத் தீர்மானிப்பதில்தான் முதல் சிக்கல் எழுகிறது. பாதியில் அறுந்த துண்டின் பைட்டுகளைச் சேவையகம் வைத்துக்கொள்வதில்லை. அந்தத் துண்டை முதலிலிருந்து அனுப்ப வேண்டும். ஒரு துண்டு 1 ஜிபி என்றால் அது செல்ல 7 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். அதற்குள் இணைப்பு அறுவதற்கு 30 விழுக்காடு வாய்ப்பு இருப்பதால், மொத்த நேரம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். 64 எம்பி என்றால் ஒரு துண்டுக்கு 27 நொடி. ஒவ்வோர் அறுபடலிலும் வீணாவது சராசரியாக 13 நொடி மட்டுமே. அப்படியானால் அனுமதிக்கப்பட்ட மிகச் சிறிய அளவான 5 எம்பியையே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். இன்றைய கோப்புக்கு அது 8,192 துண்டுகளாகி, வரம்புக்குள் அடங்கிவிடும். ஆனால் காப்புக் கோப்புகள் வளரக்கூடியவை. கோப்பு 48.8 ஜிபியைத் தாண்டும் நாளில் துண்டுகளின் எண்ணிக்கை 10,000 என்ற வரம்பைக் கடந்துவிடும். பல மாதங்கள் ஒழுங்காக ஓடிய பணி, யாரும் எதையும் மாற்றாமலேயே, கடைசித் துண்டுகளில் வந்து நின்றுவிடும். ஆகையால் இந்த இணைப்புக்கு 64 எம்பி, அதாவது 640 துண்டுகள் என்பதே பொருத்தம் என்று கருதுகிறேன்.

ஒரே நேரத்தில் பல துண்டுகளை இணையாக அனுப்புவதும் இத்தகைய மெலிந்த இணைப்பில் தீமையாகவே முடியும். பத்துத் துண்டுகள் இருக்கும் வேகத்தைப் பங்கிட்டுக்கொண்டு மெதுவாக நகரும்போது இணைப்பு அறுந்தால், பத்தும் அரைகுறையாக நிற்கும். 13 நொடி உழைப்புக்குப் பதிலாக இரண்டு நிமிடத்துக்கும் மேலான உழைப்பு வீணாகும். `aws s3 cp` கட்டளை இயல்பாகவே பத்து கோரிக்கைகள் வரை இணையாக அனுப்பும். அதைவிட முக்கியமாக, அந்தக் கட்டளை நின்றுபோய் மறுநாள் மீண்டும் தொடங்கினால் பழைய `UploadId`ஐத் தேடாமல் புதிய பதிவேற்றத்தையே தொடங்கும். ஆகவே இரவு தாண்டித் தொடர வேண்டிய பணியை `aws s3api` கட்டளைகளைக் கொண்டோ நிரல் நூலகத்தைக் கொண்டோ நாமே எழுத வேண்டியிருக்கிறது.

அப்படி எழுதும்போது பலர், அனுப்பி முடித்த துண்டுகளின் பட்டியலைத் தம் கணினியிலேயே குறித்து வைத்து அதை நம்பிவிடுகிறார்கள். அந்தக் குறிப்பு உண்மையோடு பொருந்தாமல் போகலாம். துண்டு முழுமையாகச் சேர்ந்து, அதற்கான பதில் திரும்பும் வழியில் இணைப்பு அறுந்தால், நம் குறிப்பில் அது சேராத துண்டு. எனவே நம்மிடம் வைத்திருக்க வேண்டியவை `UploadId`, துண்டின் அளவு, மூலக் கோப்பின் அடையாளம் ஆகியவையே. எது சேர்ந்தது என்பதைச் சேவையகத்திடம்தான் கேட்க வேண்டும்.

```
aws s3api list-parts --bucket "$B" --key "$K" \
  --upload-id "$ID" \
  --query 'Parts[].[PartNumber,Size,ETag]' --output text
```

முதல் இரவு 5 மணிக்குப் பணி நிறுத்தப்படும்போது, அறுபடல்களுக்கும் மறு இணைப்புக்கும் ஆன நேரம் போக, ஏறத்தாழ 515 துண்டுகள் சேர்ந்திருக்கும். மறுநாள் இரவு 1 மணிக்கு இந்தப் பட்டியலைப் பெற்று, 1 முதல் 640 வரை அதில் இல்லாத எண்களை மட்டும் அனுப்பினால், எஞ்சிய 125 துண்டுகள் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும். ஐயத்தின் பேரில் ஒரு துண்டை இருமுறை அனுப்பினாலும் கேடில்லை. அதே எண்ணுடன் பின்னால் வருவது முன்னதை நீக்கிவிட்டு அதன் இடத்தில் அமரும்.

இணைப்பு அறுந்ததை அனுப்பும் நிரல் உடனே அறிந்துகொள்ளும் என்றும் நம்ப முடியாது. இடையிலுள்ள கருவி ஓசையின்றி நின்றுவிட்டால், லினக்ஸின் இயல்பு அமைப்பில் `tcp_retries2` மதிப்பு 15 என்பதால், டிசிபி அடுக்கு சுமார் 15 நிமிடம் மீண்டும் மீண்டும் முயன்ற பிறகே பிழையைத் தெரிவிக்கும். பதிவுக் குறிப்புகளில் பிழை ஏதுமின்றி நீண்ட இடைவெளிகள் தென்பட்டால் காரணம் பெரும்பாலும் இதுவே. சில பத்து நொடிகள் எந்த பைட்டும் நகராவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும் காலவரம்பை நிரலிலேயே வைக்க வேண்டும்.

இவற்றைவிட அபாயகரமானது, இரு இரவுகளுக்கு இடையில் மூலக் கோப்பு மாறிவிடுவதாகும். திங்கள் இரவின் காப்பிலிருந்து 515 துண்டுகள் போயிருக்க, செவ்வாயன்று அதே பெயரில் புதிய காப்பு எழுதப்பட்டால், எஞ்சிய 125 துண்டுகள் புதியதிலிருந்து போகும். ஒவ்வொரு துண்டும் தனித்தனியே சரிபார்ப்பில் தேறும். துண்டுகளை ஒன்றுசேர்க்கும் இறுதி அழைப்பும் வெற்றி பெறும். ஆனால் கிடைக்கும் கோப்பு இரண்டு காப்புகளில் எதுவுமாக இராது. காப்பை மீட்டெடுக்க வேண்டிய நாள்வரை இது தெரியாமலே கிடக்கும். இதைத் தடுக்கக் கோப்பின் பெயரிலேயே தேதியைச் சேர்த்து, எழுதி முடித்த பின் அதைத் தொடாமல் விட வேண்டும். தொடரும் முன் அளவும் மாற்ற நேரமும் குறித்து வைத்தவற்றோடு பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இறுதி அழைப்பிலும் ஒரு நுணுக்கம் உண்டு. `CompleteMultipartUpload` சில வேளைகளில் 200 என்ற வெற்றிக் குறியீட்டைத் தந்துவிட்டு, பதிலின் உள்ளே பிழையைச் சொல்லும். ஆகவே பதிலின் உள்ளடக்கத்தைப் படித்தாக வேண்டும். அழைப்பு வெற்றி பெற்றுப் பதில் மட்டும் வழியில் தொலைந்திருந்தால், மறுமுயற்சியில் `NoSuchUpload` என்ற பிழை வரக்கூடும். அதைத் தோல்வியென்று கொண்டு 40 ஜிபியையும் மீண்டும் அனுப்பத் தொடங்கும் முன், `head-object` கட்டளையால் கோப்பு அங்கே உள்ளதா, அதன் அளவு சரியா என்று கேட்பது அவசியம்.

முடிக்கப்படாத பதிவேற்றங்களின் துண்டுகள் கோப்புப் பட்டியலில் தெரியாவிட்டாலும் இடத்தைப் பிடித்துக்கொண்டு கட்டணத்தையும் ஏற்றிக்கொண்டிருக்கும். அவற்றைக் குறித்த நாட்களுக்குப் பின் தானாகவே அழிக்க `AbortIncompleteMultipartUpload` என்ற விதி உள்ளது. இதில் ஒரு நாள் என்று குறிப்பிட்டால், இரண்டாம் இரவில் தொடர வேண்டிய நம் துண்டுகளையே அது அழித்துவிடக்கூடும். இரண்டு இரவு ஆகும் பணிக்கு, இணைப்பு முற்றிலும் கிடைக்காத சில இரவுகளையும் கணக்கில் சேர்த்து, ஏழு நாள் என்று வைப்பது பாதுகாப்பானது.