ஆறுமுகனுக்கு ஆறு ஸ்பூன் சர்க்கரை

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். வயிற்றுப்போக்குக்கு வீட்டிலேயே கலக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பற்றி ஒரு நிமிடம் கேமராவைப் பார்த்துப் பேச வேண்டும். எழுதியதை இருபது தடவை படித்து, கண்ணாடி முன்னால் ஒப்பித்தும் பார்த்துவிட்டார். ஆனால் போனில் ரெக்கார்டிங் பட்டனைத் தொட்டதும் மூன்றாவது வரியில் நின்றுவிடுகிறதாம். "எனக்கு ஞாபகசக்தி குறைவா சார்?"

குறைவெல்லாம் இல்லை. அவர் மனப்பாடம் செய்தது அந்தாதி முறையில். அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டின் தொடக்கம். வரி வரியாக ஒப்பிக்கும்போதும் அப்படித்தான், ஒவ்வொரு சொல்லும் அடுத்த சொல்லை இழுத்து வருகிறது. நடுவில் ஒரு சொல் விட்டால் பின்னால் வருவதைப் பிடிக்க வழி இல்லை. மேலும், பேசும்போது சொற்களை ஏந்தி நிற்கும் தற்காலிக நினைவு ரொம்பச் சின்னது. 'தப்பாகிவிடுமோ' என்ற பதற்றமும் அதே இடத்தில்தான் வந்து உட்காரும்.

சொற்களுக்குப் பதில் படங்களைப் பிடித்துக்கொண்டால் இந்தச் சங்கிலி தேவைப்படாது. தெரிந்த இடம் ஒவ்வொன்றிலும் மனசுக்குள் ஒரு படத்தை வைத்து, பேசும்போது அந்த இடங்கள் வழியாக மனசுக்குள்ளேயே நடந்து போவது பழைய கிரேக்க, ரோமானியப் பேச்சாளர்களின் வழி. 2003-இல் லண்டனில் எலினார் மகுவையர் குழுவினர் உலக நினைவாற்றல் போட்டிகளில் ஜெயித்தவர்கள் உட்பட பத்துப் பேரின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். மூளையின் அமைப்பில் விசேஷம் எதுவும் இல்லை. பத்தில் ஒன்பது பேர் இந்த இட உத்தியைத்தான் பயன்படுத்தினார்கள். நாம் வழி கண்டுபிடிக்க உதவும் ஹிப்போகாம்பஸ் போன்ற பகுதிகள் அவர்களிடம் கூடுதலாக வேலை செய்தன. வீட்டுக்குள் இருட்டில் தடுமாறாமல் தண்ணீர்ப் பானைவரை போகிற அதே திறமைதான். (ஞாபகசக்திக்கு லேகியம் விற்பவர்கள் இந்த ஆய்வைப் பற்றி வாய் திறப்பதில்லை.)

சரி, வாசகியின் பேச்சையே எடுத்துக்கொள்வோம். அதில் ஐந்து கருத்துகள். அவர் வீட்டில் கேட்டிலிருந்து கொல்லைவரை ஐந்து இடங்கள்.

கேட்டில் குழாய் உடைந்து தண்ணீர் கொட்டுகிறது, தரையெல்லாம் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது: "வயிற்றுப்போக்கில் போவது தண்ணீர் மட்டுமில்லை, உப்பும்தான்." வாசலில் உப்பு மாப்பிள்ளை, சர்க்கரைப் பொண்ணு, கை கோத்து உள்ளே வருகிறார்கள். குடல் சுவரில் உண்மையிலேயே அப்படி ஒரு வாசல் உண்டு. சர்க்கரையும் உப்பும் அதில் சேர்ந்து நுழையும், பின்னாலேயே தண்ணீரும் வரும். ஹாலில் ஆறுமுகன். ஆறு வாயிலும் ஆளுக்கொரு டீஸ்பூன் சர்க்கரை, கையில் இருக்கும் வேல் பாதியாக உடைந்து உப்பு ஸ்பூனாகிவிட்டது, காலடியில் ஒரு லிட்டர் பாட்டில். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. எனக்கு ரொம்பப் பிடித்த படம் இது. முருகன் கோபிக்க மாட்டார். சமையலறைக் குழாய் ஒரு ஸ்பூனுக்குள் சொட்டுச் சொட்டாக விழுகிறது: கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கொல்லையில் வற்றிய கிணறு இரண்டு, குழி விழுந்த கண்கள் மாதிரி: கண் உள்வாங்கினால், சிறுநீர் நின்றுபோனால் உடனே ஆஸ்பத்திரி.

படம் அழகாக இருந்தால் போதாது, அந்தப் பகுதியின் முதல் வாக்கியத்தை அது வாய்க்குக் கொண்டுவர வேண்டும். வாசகி முதலில் ஹாலில் வெறும் சர்க்கரை டப்பாவை வைத்தார். சர்க்கரை ஞாபகம் வந்தது, அளவு வரவில்லை. அப்புறம்தான் ஆறுமுகன் வந்தார்.

படங்களை கேமராவுக்குப் பின்னால் சுவரில் ஒட்டாதீர்கள். கண் அங்கே ஓடுவது வீடியோவில் அப்படியே தெரியும். மனசுக்குள் நடந்தால் பார்வை லென்ஸிலேயே இருக்கும்.

தாளை மூடிவிட்டு ஒருமுறை, பத்து நிமிடம் கழித்து ஒருமுறை, மறுநாள் காலை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட இப்படி நினைவிலிருந்து எடுப்பதுதான் நாள் கழித்தும் நிற்கிறது. ஒரு சோதனையும் உண்டு: வீட்டில் யாரையாவது "சமையலறை!" என்று சொல்லச் சொல்லுங்கள். அங்கிருந்தே பேச்சைத் தொடங்க முடிந்தால் படம் பிடிபட்டுவிட்டது. கேட்டிலிருந்து நடந்து வந்தால்தான் வரும் என்றால், இன்னும் அந்தாதிதான்.

இந்த முறையில் கருத்து வரிசை மாறாது, ஆனால் சொற்கள் ஒவ்வொரு டேக்கிலும் கொஞ்சம் மாறும். சட்ட வாசகம் மாதிரி எழுத்துப் பிசகாமல் சொல்ல வேண்டிய வரி இருந்தால், அந்த ஒன்றை மட்டும் பார்த்துப் படிப்பதுதான் சரி.

வாசகி இரண்டாவது டேக்கில் முடித்துவிட்டார். அடுத்த வாரம் டெங்கு பற்றிப் பேச வேண்டுமாம். அதே வீடு வேண்டாம், ஹாலுக்குப் போனால் ஆறுமுகன் இன்னும் சர்க்கரை தின்றுகொண்டிருப்பார் என்றேன். பாட்டி வீட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அங்கே கொல்லையில் நிஜமாகவே ஒரு கிணறு இருக்கிறதாம், கொசுவோடு.