இன்வாய்ஸ் வேஷத்தில் வரும் ஸ்டேட்மெண்ட்

கணக்கு எழுதும் இடங்களுக்கு மாதக் கடைசியில் வந்து சேரும் படங்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். இன்வாய்ஸ், கடை ரசீது, கார்டு ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மெண்ட், டெலிவரி சலான், கொட்டேஷன் எல்லாம் ஃபோனில் படமெடுக்கப்பட்டு ஒரே மூட்டையாக ஏறிவிடும். எண், தேதி, தொகை ஆகியவற்றை எடுக்க மென்பொருள் இருக்கிறதே என்று பலர் அந்த மூட்டையை அப்படியே அதன் வாயில் கொட்டிவிடுகிறார்கள். இன்வாய்ஸ் படிக்கக் கற்ற மென்பொருளுக்குக் கையில் கிடைப்பதெல்லாம் இன்வாய்ஸ்தான். எதைக் கொடுத்தாலும் ஒரு எண்ணையும் ஒரு தொகையையும் கண்டுபிடித்துத் தந்துவிடும். ஆபத்து இருப்பதே அங்கேதான்.

இந்த வகைக் குழப்பங்களில் அதிகச் சேதம் செய்வது, பில்களையும் நாம் கட்டியதையும் தொகுத்துச் சப்ளையர் அனுப்பும் ஸ்டேட்மெண்டை இன்வாய்ஸ் என்று எடுத்துக்கொள்வது. பேங்க் ஸ்டேட்மெண்டில் அவ்வளவு சிக்கல் கிடையாது, அதன் முகமே வேறு. சப்ளையரின் ஸ்டேட்மெண்டோ இன்வாய்ஸ் அச்சாகும் அதே லெட்டர்ஹெட்டில், அதே லோகோவோடு, நம் பெயரும் முகவரியும் அதே மூலையில் இருக்க, கீழே தடித்த எழுத்தில் ஒரு தொகையோடு வரும். ‘இன்வாய்ஸ்’ என்ற சொல்லும் அதில் ஒன்றுக்கு நாலு தடவை இருக்கும். இன்வாய்ஸில் தலைப்பில் ஒருமுறை வரும் சொல், ஸ்டேட்மெண்டில் வரிக்கு வரி வருகிறது. ஆகவே சொல்லைத் தேடிப் பிரிப்பவர்கள் தவறாமல் ஏமாறுவார்கள்.

ஒரு உதாரணத்தைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். ஒரு சப்ளையரின் ஸ்டேட்மெண்டில் ஆரம்ப இருப்பு, அதாவது பழைய பாக்கி, 4,000. அடுத்து இன்வாய்ஸ் 1042, தொகை 6,200. அதற்கடுத்து 1047, தொகை 8,200. நாம் செலுத்தியது 4,000. இறுதி இருப்பு 14,400. இரண்டு இன்வாய்ஸ்களும் ஏற்கெனவே நம் புத்தகத்தில் ஏறியிருக்கின்றன, பழைய 4,000-மும் தீர்ந்துவிட்டது. அதாவது நாம் தர வேண்டியது 14,400, புத்தகமும் அதையே சொல்கிறது. இப்போது இந்த ஸ்டேட்மெண்ட் இன்வாய்ஸ் வரிசையில் போய் நிற்கிறது. மென்பொருள் முதலில் கண்ணில் பட்ட 1042-ஐ இன்வாய்ஸ் எண்ணாகவும், அடியில் இருக்கும் 14,400-ஐ மொத்தத் தொகையாகவும் எடுக்கிறது. புத்தகத்தில் பாக்கி 28,800 ஆகிவிடுகிறது. சரியாக இரண்டு மடங்கு.

ஒரே பில் இரண்டு முறை ஏறினால் சிஸ்டம் பிடித்துவிடுமே என்று கேட்கலாம். சப்ளையர், எண், தொகை மூன்றும் ஒத்துப்போனால்தான் இரட்டைப் பதிவு என்று எச்சரிக்கும்படி அமைத்திருந்தால் பிடிக்காது. எண் ஒன்றுதான், ஆனால் ஒன்றில் 6,200, இன்னொன்றில் 14,400. சந்தேகமே எழாமல் உள்ளே போய்விடும். எண் மட்டும் ஒத்துப்போனாலே நிறுத்தும்படி வைத்தால் இதைப் பிடிக்கலாம். ஆனால் தேதியையோ ஸ்டேட்மெண்ட் எண்ணையோ இன்வாய்ஸ் எண் என்று எடுத்துவிட்டால் அந்த வலையிலும் சிக்காது. இதைத் தடுக்க வேண்டிய இடம், தகவல் எடுப்பதற்கு முந்தைய கட்டம்.

பிரிக்கும்போது நான் பார்ப்பது காகிதத்தின் தோற்றத்தை அல்ல, அது என்ன வேலை செய்கிறது என்பதை. இன்வாய்ஸ் ஒரு விற்பனைக்காகப் பணம் கேட்கிறது. ரசீது பணம் கொடுத்தாயிற்று என்கிறது. ஸ்டேட்மெண்ட் புதிதாக எதையும் கேட்பதில்லை, ஏற்கெனவே கேட்டதையும் கொடுத்ததையும் திருப்பிச் சொல்கிறது. இந்த மூன்று வேலைகளுக்கும் தனித்தனி அடையாளம் உண்டு. பணம் கட்டக் கெடு தேதி, வரிசையாகப் பொருள், அளவு, விலை, அதன் கீழ் வரித் தொகை என்று இருந்தால் இன்வாய்ஸ். கார்டின் கடைசி நான்கு இலக்கம், கொடுத்த பணம், மீதிச் சில்லறை, மணி நிமிடத்தோடு நேரம் என்று இருந்தால் ரசீது. ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை’ என்ற காலம், ஆரம்ப இருப்பு, ஒவ்வொரு வரியிலும் வெவ்வேறு தேதி, அடியில் 30 நாள், 60 நாள், 90 நாள் என்று பாக்கியைப் பிரித்துக் காட்டும் கட்டம் என்று இருந்தால் ஸ்டேட்மெண்ட்.

இந்தச் சோதனைகளை எந்த வரிசையில் வைக்கிறோம் என்பது முக்கியம். முதல் கேள்வி ‘இது ஸ்டேட்மெண்டா?’ என்பதாகத்தான் இருக்க வேண்டும். ஸ்டேட்மெண்டுக்குள் இன்வாய்ஸின் அடையாளங்கள் நிறைய இருக்கும், ஆனால் இன்வாய்ஸுக்குள் ஸ்டேட்மெண்டின் அடையாளங்கள் அரிது. இன்வாய்ஸை முதலில் தேடினால் ஸ்டேட்மெண்டும் அதிலேயே விழுந்துவிடும். அடுத்தது, நாம் தர வேண்டியதில் இவ்வளவு குறைத்துக்கொள்ளுங்கள் என்று சப்ளையர் அனுப்பும் கிரெடிட் நோட். அது அச்சு அசல் இன்வாய்ஸ் மாதிரியே இருக்கும், தொகை மட்டும் எதிர்ப்பக்கம் போக வேண்டும். பிறகு ரசீது, கடைசியில் இன்வாய்ஸ். எதிலும் சேராதவை ‘மற்றவை’ என்ற கூடைக்குப் போகட்டும். கொட்டேஷன், புரொஃபார்மா, டெலிவரி சலான் ஆகியவற்றின் இடம் அதுதான். அந்தக் கூடை நிறைகிறதே என்று கவலைப்பட்டு ஏதாவது ஒரு வகைக்குள் திணிப்பதை நான் ஏற்பதில்லை.

வகை சரிதானா என்று உறுதிசெய்ய நான் பெரிதும் நம்புவது கூட்டல் கழித்தலை. ஆரம்ப இருப்போடு புதிய பில்களைக் கூட்டி, செலுத்தியதைக் கழித்தால் இறுதி இருப்பு வர வேண்டும். மேலே சொன்ன காகிதத்தில் 4,000 + 6,200 + 8,200 − 4,000 = 14,400, ஆக அது ஸ்டேட்மெண்ட்தான். இன்வாய்ஸ் என்றால் பொருள்களின் கூட்டுத்தொகையும் வரியும் சேர்ந்து மொத்தமாக வேண்டும். தள்ளுபடி இருந்தால் அதையும் கழித்துக்கொள்ள வேண்டும். ரொக்க ரசீது என்றால் கொடுத்ததில் மொத்தத்தைக் கழித்தால் சில்லறை. இன்வாய்ஸ் என்று முத்திரை குத்திய ஒன்றில் வரித் தொகை காலியாக இருந்து, கூட்டலும் இடித்தால், மறுபேச்சில்லாமல் அதை ஒரு ஆள் பார்க்கும்படி நிறுத்திவைப்பேன்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு சின்ன வேலை உண்டு. ஒரு படம் என்றால் ஒரு ஆவணம் என்று எண்ணிவிடக் கூடாது. மேஜைமேல் நாலு ரசீதைப் பரப்பி ஒரே படமாக எடுத்து அனுப்புவார்கள். மூன்று பக்க ஸ்டேட்மெண்ட் மூன்று தனிப் படமாக வரும், அதுவும் நடுப் பக்கம் முதலில். நடுப் பக்கத்தில் ஆரம்ப இருப்பும் இருக்காது, இறுதி இருப்பும் இருக்காது, வரிசையாக இன்வாய்ஸ் எண்கள் மட்டும்தான். தனியாகப் பார்த்தால் எந்தச் சோதனையும் தோற்கும். பக்க எண்ணையும், ‘முந்தைய பக்கத்திலிருந்து’ என்று கொண்டுவரும் தொகையையும் வைத்துப் பக்கங்களைச் சேர்த்த பிறகுதான் வகை பிரிக்க வேண்டும். பக்கவாட்டில் திரும்பிய படங்களையும் அப்போதே நேராக்கிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் குப்பையாகத் தரும், நல்ல இன்வாய்ஸ்கூட ‘மற்றவை’யில் கிடக்கும்.

தானியங்கி முறையில் பிரிப்பவர்கள் ‘நூற்றுக்கு இத்தனை சரி’ என்ற ஒற்றை எண்ணோடு திருப்தி அடைவதைப் பார்க்கிறேன். அந்த எண் நன்றாக இருந்தும் கணக்கு கெட்டுப்போகலாம். ரசீதை ‘மற்றவை’யில் போட்டால் யாராவது ஒரு நிமிடம் செலவழித்து எடுத்துவிடுவார்கள். ஸ்டேட்மெண்டை இன்வாய்ஸில் போட்டால் பணமே தவறாகப் போய்விடும். ஆகவே ஸ்டேட்மெண்டாக இருந்து இன்வாய்ஸில் விழுந்தவை எத்தனை என்று தனியாக எண்ணிப் பாருங்கள்.

பிரித்தெடுத்த ஸ்டேட்மெண்டை ஓரமாகப் போட்டுவிடவும் கூடாது. அதன் ஒவ்வொரு வரியையும் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். 1042 புத்தகத்தில் இருந்து, 1047 இல்லை என்றால், அந்த 8,200-ஐ ஸ்டேட்மெண்டைப் பார்த்துப் பதிவு செய்யாமல், 1047-இன் இன்வாய்ஸை அனுப்பச் சொல்லி சப்ளையரிடம் கேளுங்கள். என்ன பொருள், எவ்வளவு வரி என்பதெல்லாம் அந்த இன்வாய்ஸில்தான் இருக்கும்.