ஒரே வைஃபை பெயர், இரண்டு நெட்வொர்க்

ஸ்ரீரங்கத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வீட்டுக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை, போனிலிருந்து செட்டாப் பாக்ஸை இயக்க முடியவில்லை என்று கூப்பிட்டார். இரண்டாம் முறை, வேறு யாரோ இயக்குகிறார்கள் என்று கூப்பிட்டார். இரண்டு பிரச்சினைக்கும் வேர் ஒன்றுதான். வீடுகளுக்கு இன்டர்நெட் இணைப்பும் வைஃபையும் அமைத்துக் கொடுப்பது என் தொழில். இதே கதையை வேறு வேறு வீடுகளில் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். போனில் ரிமோட் என்று நாம் சொல்வது இரண்டு வகை. சில போன்களின் தலைப்பகுதியில் சாதாரண ரிமோட்டில் இருப்பது போன்ற அகச்சிவப்பு விளக்கு இருக்கும். அது நேராக டிவியைப் பார்த்து அடிக்கும், அதற்கு வைஃபை தேவையில்லை. மற்றது வீட்டு நெட்வொர்க் வழியாகப் போவது. இதற்கு டிவியோ பாக்ஸோ வைஃபையில் அல்லது லேன் கேபிளில் இணைந்திருக்க வேண்டும். நெட்வொர்க் வசதியே இல்லாத சாதாரண கேபிள் பாக்ஸுக்கு எந்தச் செயலியை இறக்கினாலும் பயன் இல்லை. நான் சொல்லப்போவது இரண்டாவது வகையைப் பற்றி.

தலைமையாசிரியர் வீட்டு ஹாலில் இருந்தது ஆண்ட்ராய்டு டிவி செட்டாப் பாக்ஸ். ரிமோட் பட்டன்கள் சின்னதாக இருந்ததால் வீட்டு அம்மாவுக்குச் சிரமம். மகன் போனில் Google TV செயலியைப் போட்டு, அதிலுள்ள ரிமோட்டைக் காட்டிக் கொடுத்துவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார். "காலையில வேலை செய்யுது தம்பி, சாயங்காலம் பாக்ஸே இல்லைங்குது" என்றார் சார். பாக்ஸை அணைத்துப் போட்டாயிற்று, செயலியை அழித்து மறுபடி ஏற்றியாயிற்று. வைஃபை பெயரும் சரியாகத்தான் இருக்கிறது என்று போனை நீட்டினார். பெயர் சரிதான். கோளாறு அந்தப் பெயரில்தான் இருந்தது.

கீழே இன்டர்நெட் நிறுவனம் கொடுத்த ஃபைபர் மோடம். பாக்ஸ் அதில் லேன் கேபிளில் இருந்தது. மாடியில் சிக்னல் எட்டவில்லை என்று மகன் இன்னொரு ரவுட்டர் வாங்கி, மோடத்திலிருந்து கேபிள் இழுத்து, இன்டர்நெட் உள்ளே வருவதற்கான அதன் WAN துளையில் சொருகியிருந்தார். குழப்பம் வேண்டாம் என்று நினைத்து இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட் வைத்திருந்தார். சாரின் போன் சில நேரம் கீழே உள்ள மோடத்தைப் பிடித்தது. மாலையில் மாடிக்குப் போய்ப் படித்துவிட்டு இறங்கினால் மாடி ரவுட்டரையே பிடித்துக்கொண்டு வந்தது. திரையில் தெரியும் பெயர் ஒன்றே என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஐபி முகவரி போதும். போனில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கரக் குறியைத் தொட்டால் முகவரி தெரியும். பாக்ஸில் செட்டிங்ஸுக்குள் நெட்வொர்க் பகுதியில் இருக்கும். அன்று மாலை சாரின் போனில் 192.168.0.104. பாக்ஸில் 192.168.1.7. வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலும் முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருந்தால்தான் இரண்டும் ஒரே நெட்வொர்க். இங்கே மூன்றாவது எண் ஒன்றில் 0, மற்றொன்றில் 1. WAN துளை வழியாக இணைந்த மாடி ரவுட்டர் தனக்கென்று ஒரு நெட்வொர்க் அமைத்து, தானே முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரே வீடு, ஒரே பெயர், ஆனால் இரண்டு நெட்வொர்க்.

செயலிக்கு உங்கள் பாக்ஸின் முகவரி முன்கூட்டியே தெரியாது. அதைத் திறந்ததும் 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு "இங்கே ஆண்ட்ராய்டு டிவி யாராவது இருக்கிறீர்களா?" என்று ஒரு கூவல் விடும். அதே நெட்வொர்க்கில் உள்ள எல்லாருக்கும் அது கேட்கும், பாக்ஸ் "நான் இருக்கிறேன்" என்று பதில் சொல்லும். அந்தக் கூவல் ரவுட்டரைத் தாண்டாது, தாண்டவும் கூடாது என்பதே விதி. மாடி ரவுட்டருக்குள்ளேயே அது அடங்கிவிடும், கீழே உள்ள பாக்ஸுக்குக் கேட்காது. ஆனால் மாடி ரவுட்டரின் வைஃபையில் இருந்தபடி என் லேப்டாப்பில் பாக்ஸ் எட்டுகிறதா என்று பார்க்க `ping 192.168.1.7` அடித்தால் பதில் வந்தது. மாடி ரவுட்டர் உள்ளிருந்து வெளியே போவதைத் தடுப்பதில்லை, இன்டர்நெட்டுக்குப் போவது போலவே கீழ்வீட்டு நெட்வொர்க்குக்கும் விட்டுவிடும். வழி திறந்துதான் இருக்கிறது, கூவல் மட்டும் போவதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, தீர்வு. மாடி ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் Operation Mode என்று ஒரு இடம் இருந்தது. அதை Router என்பதிலிருந்து Access Point என்று மாற்றினேன். இப்போது அது வாசல்காரன் வேலையை விட்டுவிட்டு வெறும் வைஃபை பரப்பும் கருவியாகிவிட்டது. மாடியில் இணைந்தாலும் முகவரியை மோடமே தந்தது, 192.168.1 என்று தொடங்கியது. ஒரே பெயர் வைத்ததும் இப்போது நல்லதாயிற்று. மாடிப்படி ஏறும்போது போன் தானாக மாறிக்கொள்ளும். பழைய ரவுட்டர்களில் இந்த வசதி இல்லாவிட்டால், அதன் சொந்த முகவரியை மோடத்தின் வரிசையில் யாருக்கும் தராத ஒரு எண்ணுக்கு மாற்றி, கருவிகளுக்கு முகவரி வழங்கும் DHCP-யை அணைத்து, கேபிளை WAN துளையிலிருந்து எடுத்து LAN துளையில் சொருகினால் அதே பலன் கிடைக்கும்.

முகவரிகள் பொருந்தியும் பாக்ஸ் தெரியவில்லை என்றால் நான் பார்ப்பது சிலவற்றைத்தான். வைஃபையில் உள்ள கருவிகள் ஒன்றையொன்று பார்க்கவிடாமல் தடுக்கும் AP Isolation அல்லது Client Isolation ரவுட்டரில் இயங்குகிறதா, போன் விருந்தினர் வைஃபையில் இருக்கிறதா, போனில் விபிஎன் ஓடுகிறதா. ஐபோன் என்றால் செட்டிங்ஸில் அந்தச் செயலிக்கு Local Network அனுமதி கொடுத்திருக்கிறதா.

செயலியில் பாக்ஸ் தெரிந்ததும் அதைத் தொட்டேன். டிவி திரையில் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு வந்தது. அதைப் போனில் அடித்ததும் இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் வைத்துக்கொண்டன. அடுத்த முறை குறியீடு கேட்காது. அம்மா சீரியல் வைத்துப் பார்த்தார். நானும் நிம்மதியாக வந்துவிட்டேன்.

ஒரு வருடம் கழித்து மறுபடி அழைப்பு. அம்மா இரவு சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று யூடியூப் திறந்து சினிமாப் பாட்டு ஓடியிருக்கிறது. மூன்று நாள் இப்படி. அம்மா பயந்துபோய் டிவியையே போடுவதில்லை என்றார் சார். போய் விசாரித்தேன். மகன் சென்னையிலேயே தங்கிவிட்டதால் மாடியைக் கல்லூரி மாணவர்கள் இருவருக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். "வைஃபை பாஸ்வேர்டும் குடுத்துட்டேன், பசங்க படிக்கணுமே" என்றார். அந்தப் பையன்களில் ஒருவன் யூடியூபில் டிவிக்கு அனுப்பும் குறியைத் தெரியாமல் தொட்டிருக்கிறான். அவன் கண்ணுக்கு அது ஏதோ ஒரு பெயர், எங்கே ஓடுகிறது என்றே அவனுக்குத் தெரியாது. சொன்னதும் பாவம், அம்மாவிடம் வந்து மன்னிப்புக் கேட்டான்.

ரிமோட் செயலிக்குக் குறியீடு வேண்டும், ஆனால் படத்தை டிவிக்கு அனுப்பும் வசதிக்குப் பொதுவாக எந்தக் குறியீடும் வேண்டாம். ஒரே நெட்வொர்க்கில் இருப்பதையே வீட்டு ஆள் என்பதற்கான அத்தாட்சியாக அது எடுத்துக்கொள்கிறது. நான் மாடியையும் கீழ்வீட்டையும் ஒன்றாக்கியபோது மாடியும் வீட்டு ஆட்களிடமே இருந்தது. குடித்தனம் வந்தால் என்னைக் கூப்பிடுங்கள் என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. இப்போது எல்லா வீட்டிலும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

என்ன செய்தேன் என்றால், மாடி ரவுட்டரை மறுபடி Router நிலைக்கு மாற்றி, கேபிள் WAN துளையில்தான் இருக்கிறதா என்று பார்த்து, வேறு பெயரும் பாஸ்வேர்டும் வைத்தேன். கீழே மோடத்தின் பாஸ்வேர்டையும் மாற்றினேன், பழையது பையன்களிடம் இருந்ததே. முதல் முறை கோளாறாக இருந்த அதே அமைப்பு இப்போது தடுப்பானது. மாடியிலிருந்து விடும் கூவல் கீழே வராது, அவர்கள் யூடியூபில் ஹால் பாக்ஸ் தெரியாது.

ஆனால் அந்தச் சுவர் ஒரு பக்கம்தான். மாடியிலிருந்து முகவரியை நேராக அடித்தால் கீழே எட்டலாம் என்று முன்பே பார்த்தோம். அதனால் கீழே திறந்து கிடக்கும் கதவு வேறு ஏதாவது உண்டா என்று தேடினேன். படுக்கையறை டிவியில் பெயர் இல்லாத மலிவான ஆண்ட்ராய்டு பாக்ஸ் ஒன்று இருந்தது. மாடி வைஃபையில் இருந்தபடி, சார் அனுமதியோடு இதை அடித்தேன்.

```
adb connect 192.168.1.9:5555
adb shell input keyevent 3
```

குறியீடு கேட்கவில்லை, திரையில் அனுமதியும் கேட்கவில்லை. படுக்கையறை டிவி முகப்புத் திரைக்குப் போனது. சார் முகம் மாறிவிட்டது. adb என்பது செயலி உருவாக்குபவர்கள் சோதனைக்கு வைத்துக்கொள்ளும் வழி, 5555 அதன் கதவு எண். சில மலிவு பாக்ஸ்கள் இதைத் திறந்தபடியே விற்பனைக்கு வருகின்றன. இதன் வழியாக பட்டன் அழுத்துவது மட்டுமல்ல, செயலிகளை ஏற்றவும் முடியும். 2018 பிப்ரவரியில் ADB.Miner என்ற கணினிப் புழு இதே 5555 வழியாகத்தான் டிவி பாக்ஸ்களுக்குள் புகுந்து, கிரிப்டோ நாணயம் தோண்ட அவற்றைப் பயன்படுத்தியது. ஒரு பாக்ஸில் ஏறிக்கொண்டு அடுத்ததைத் தேடும். மாடியில் ஒரு போனிலோ லேப்டாப்பிலோ இப்படி ஏதாவது தொற்றினால் போதும், கீழே வர வழி இருக்கிறது.

அந்த பாக்ஸின் Developer options-க்குள் போய் இந்த வழியைத் திறந்து வைக்கும் USB debugging-ஐ அணைத்தேன். பாக்ஸை நிறுத்திப் போட்டுப் பார்த்தால் மறுபடி தானே இயங்கியிருந்தது. அப்புறம் அதை வைத்திருப்பதில் அர்த்தமில்லை. இன்டர்நெட்டிலிருந்து பிரித்துவிடச் சொன்னேன். சார் கேபிளையே கழற்றி என் கையில் கொடுத்தார். புறப்படும் முன் பையனை மாடிக்கு அனுப்பி யூடியூபைத் திறக்கச் சொன்னேன். டிவிக்கு அனுப்பும் பட்டியலில் ஹால் பாக்ஸ் இல்லை என்று மேலிருந்து சத்தம் கொடுத்தான். கீழே அம்மா போனில் ஒலியைக் கூட்டினார், கூடியது.