தேதியைத் தள்ளுவதற்கு முன்னால் எது மாறியது என்று பாருங்கள்

வேலூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பாஸ்போர்ட், விசா விண்ணப்பங்கள் நிரப்பித் தருவது என் தொழில். போன வருஷம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், கடையைச் சாத்தப் போகிற நேரத்தில் குடியாத்தத்திலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரும் அவருடைய மனைவியும் வந்தார்கள். அம்மாவின் கையில் அன்று காலை ஸ்பீட் போஸ்டில் வந்த புது பாஸ்போர்ட். வாத்தியார் உட்காருவதற்கு முன்பே சொன்னார்:

"தம்பி, அமெரிக்க விசாவுக்கு அடுத்த புதன்கிழமை பயோமெட்ரிக், வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. அதை ஒரு பத்து நாள் தள்ளிப் போட்டுக் கொடுங்க. இவங்க பாஸ்போர்ட் நம்பரே மாறிப்போச்சு."

"தள்ள வேண்டாம் சார், முதல்ல உட்காருங்க," என்றேன்.

அமெரிக்கத் தூதரக அப்பாயின்ட்மென்ட்டில் எங்கள் பக்கத்து ஆட்கள் அதிகமாகப் பணத்தை இழக்கும் இடம் இதுதான். ஏதாவது ஒன்று மாறிவிட்டால் உடனே தேதியை மாற்றிவிடுகிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் பழகிய பழக்கம் அது. அங்கே ஒரு வருஷத்துக்குள் மூன்று முறை வரை தேதியை மாற்றிக்கொள்ளலாம், யாரும் கேட்கமாட்டார்கள். அமெரிக்க விசாவில் அப்படி இல்லை. 2025 ஜனவரி 1 முதல் இந்தியாவில் சாதாரணப் பயண விசாக்களுக்கு ஒரே ஒரு முறைதான் இலவசமாகத் தேதி மாற்ற முடியும். இரண்டாவது முறை மாற்ற நினைத்தாலும், சொன்ன நாளில் போகாமல் விட்டாலும், புதிதாகக் கட்டணம் கட்டித்தான் அப்பாயின்ட்மென்ட் எடுக்க வேண்டும். சுற்றுலா விசாவுக்கு ஆளுக்கு 185 டாலர். ஒருவர் கட்டிய ரசீதை இன்னொருவர் பேருக்கு மாற்ற முடியாது, திரும்பவும் கிடைக்காது.

வாத்தியார் அந்த ஒரு முறையை ஏற்கெனவே செலவழித்துவிட்டார். முதலில் கிடைத்த தேதி பிப்ரவரியில். அந்த வாரம் அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை வந்ததால் மார்ச்சுக்கு மாற்றியிருந்தார். சரியான காரணம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் கணவன் மனைவி இருவரும் ஒரே குழுவாகப் பதிவானவர்கள். இப்போது தேதியில் கை வைத்தால் அம்மாவுக்கு மட்டுமல்ல, பாஸ்போர்ட்டில் எந்த மாற்றமும் இல்லாத வாத்தியாருக்கும் சேர்த்து 370 டாலர் போய்விடும்.

என்னிடம் யார் வந்தாலும் முதலில் நான் கேட்பது இதுதான். மாறியது நாளா, தாளா? பயணத் தேதி மாறியிருந்தால் பெரும்பாலும் எதையும் தொட வேண்டியதில்லை. ஆன்லைனில் நிரப்பும் விசா விண்ணப்பமான DS-160 படிவத்தில் அமெரிக்கா போய்ச் சேரும் நாள் என்று நாம் எழுதுவது ஒரு உத்தேசம்தான். மகள் மே மாதத்துக்குப் பதிலாக ஜூனில் வரச் சொன்னால் அதற்காகப் படிவத்தைத் திரும்ப நிரப்பத் தேவையில்லை, இன்டர்வியூவில் கேட்டால் உள்ளதைச் சொன்னால் போதும். விசா கைக்கு வருவதற்கு முன் டிக்கெட் போடாதீர்கள் என்று தூதரகமே சொல்கிறது. டிக்கெட்டை முதலில் போட்டுவிட்டு, அதற்கு ஏற்ற மாதிரி இன்டர்வியூவை இழுக்கப் பார்ப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

தாள் மாறியிருந்தால் தாளைச் சரிசெய்ய வேண்டும், தேதியை அல்ல. அன்று நாங்கள் செய்தது அதைத்தான்.

அம்மாவின் விஷயத்தில் நம்பர் மட்டும் மாறவில்லை, பெயரும் மாறியிருந்தது. நம் ஊரில் பழைய பாஸ்போர்ட்கள் பலவற்றில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும். அவருடைய பெயரைக் கலாவதி என்று வைத்துக்கொள்வோம். பழைய பாஸ்போர்ட்டில் வெறும் KALAVATHI. அப்படி ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்கு DS-160-ல் அந்தப் பெயர் Surnames கட்டத்துக்குப் போகும், Given Names கட்டத்தில் First Name Unknown என்பதன் சுருக்கமான FNU என்று போட வேண்டும். புதுப்பிக்கும்போது, "இனிமே ஒற்றைப் பேரு இருந்தா எல்லா இடத்துலயும் தொல்லை" என்று யாரோ சொல்லி, கணவர் பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துவிட்டார்கள். சேர்த்தது நல்லதுதான். ஆனால் இப்போது KALAVATHI என்பது Given Names கட்டத்துக்கு நகர்ந்துவிட்டது, FNU-வுக்கு இடமே இல்லை. பழைய படிவத்தோடு போய் நின்றால் பாஸ்போர்ட்டும் படிவமும் இரண்டு வேறு ஆட்களுடையதாகத் தெரியும்.

சமர்ப்பித்த DS-160-ஐத் திருத்த முடியாது. அதற்காக முதலிலிருந்து எல்லாவற்றையும் தட்டச்சு செய்து கஷ்டப்படவும் வேண்டாம். பழைய படிவத்தின் AA என்று தொடங்கும் எண்ணைக் கொடுத்து அதை மறுபடி திறந்தால், அந்த விவரங்களை வைத்தே புதுப் படிவம் ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம். திறக்கும்போது குடும்பப் பெயரின் முதல் ஐந்து எழுத்து, பிறந்த வருஷம், முதலில் வைத்த பாதுகாப்புக் கேள்வியின் பதில் ஆகியவற்றைக் கேட்கும். இங்கே நிறையப் பேர் புதுக் குடும்பப் பெயரைப் போட்டுவிட்டு, திறக்கவில்லை என்று திகைப்பார்கள். திறக்க வேண்டியது பழைய படிவம் என்பதால் பழைய பெயர்தான் வேண்டும், அதாவது KALAV.

திறந்ததும் பெயர், பாஸ்போர்ட் எண், வழங்கிய நாள், முடியும் நாள் நான்கையும் மாற்றினோம். அப்புறம் ஒரு கேள்வி வரும்: வேறு பெயர் எப்போதாவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? அம்மா தயங்கினார். "நான் எங்க தம்பி பேரை மாத்தினேன், அதே பேருதானே?" அதே பெயர்தான், ஆனால் பாஸ்போர்ட்டில் எழுதிய விதம் வேறு. ஆம் என்று போட்டுப் பழைய விதத்தை அங்கே குறிப்பிட்டோம். கைரேகை வைக்கிற இடத்தில் இதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை, சொல்லிவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை.

சமர்ப்பித்ததும் புது AA எண் வந்தது. இதோடு வேலை முடிந்தது என்று நினைத்து அச்செடுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் பயோமெட்ரிக் கவுன்ட்டரில் நிற்க வேண்டியிருக்கிறது. அப்பாயின்ட்மென்ட் பதிவான usvisascheduling.com கணக்கில் இன்னும் பழைய எண்தான் இருக்கும். உள்ளே போய் DS-160 எண்ணையும் பாஸ்போர்ட் எண்ணையும் மாற்றி, அப்பாயின்ட்மென்ட் உறுதிச் சீட்டைப் புதிதாக அச்செடுக்க வேண்டும். கையிலிருக்கும் படிவத்தில் உள்ள எண்ணும் சீட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று விரல் வைத்துப் பார்க்கச் சொல்வேன். சில விவரங்களை, முக்கியமாகப் பெயரை, நாமே மாற்ற முடியாமல் போகலாம். அப்போது அதே தளத்தின் உதவி மையத்துக்குப் பழைய, புதிய பாஸ்போர்ட் பக்கங்களோடு எழுத வேண்டும். எரிச்சலில் புதுக் கணக்கு ஒன்றைத் தொடங்கிவிடாதீர்கள். கட்டிய ரசீது பழைய கணக்கில்தான் இருக்கிறது, அது உங்களோடு வராது.

அந்தக் கணக்குக்குள் நுழைவதற்கே வெள்ளிக்கிழமை முழுவதும் போய்விட்டது என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் பதிவுசெய்து கொடுத்த ஆள் தன்னுடைய மின்னஞ்சலையே போட்டிருந்தார், பாதுகாப்புக் கேள்விகளின் பதில்களும் அவருக்குத்தான் தெரியும். அவரைத் தேடிப் பிடித்து, ஆறேழு போன் செய்து, ஒருவழியாக வாங்கினோம். யாரிடம் கொடுத்துச் செய்தாலும், என்னிடமே செய்தாலும், மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்கட்டும். DS-160-க்கும் அப்பாயின்ட்மென்ட் கணக்குக்கும் கேள்விகள் தனித்தனி. இரண்டின் பதில்களையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

"அப்ப பாஸ்போர்ட் வராம இருந்திருந்தா?" என்று வாத்தியார் கேட்டார். பாடம் நடத்தியவர், சரியான இடத்தில்தான் கேட்டார்.

தேதியை மாற்றியே தீர வேண்டிய சமயம் அதுதான். புதுப்பிக்க வேலூர் தலைமை அஞ்சலகத்தில் உள்ள பாஸ்போர்ட் மையத்துக்குப் போகும்போது பழையதை ரத்து செய்து கையில் கொடுத்துவிடுவார்கள். அன்றிலிருந்து புதியது வந்து சேரும் வரை உங்களிடம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இல்லை. அந்த இடைவெளியில் பயோமெட்ரிக் நாள் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. விலாசம் மாறி போலீஸ் விசாரணை வேறு வந்தால் இடைவெளி இன்னும் நீளும். அம்மாவுக்கு அது பதின்மூன்று நாளில் முடிந்தது, பயோமெட்ரிக்குக்கு ஆறு நாள் முன்னால் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அதிர்ஷ்டம்தான். வேலூரிலிருந்து விண்ணப்பித்தாலும் அச்சிட்டு அனுப்புவது சென்னை மண்டல அலுவலகம், அவர்கள் வேகம் நம் கையில் இல்லை. ஆறேழு மாதமே மிச்சமிருக்கிற பாஸ்போர்ட் என்றால் முதலில் புதுப்பித்துவிட்டுப் பிறகு விசாக் கட்டணம் கட்டுங்கள்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றாலும், ரத்து செய்யும் பொத்தானை அழுத்த வேண்டாம். கையிலிருக்கும் தேதி போய்விடும், அதை அடுத்த நிமிஷமே வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள். தேதி மாற்றும் பக்கத்தில் என்னென்ன நாள் காலியாக இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பயோமெட்ரிக், இன்டர்வியூ இரண்டுக்கும் நாள் வேண்டும், பயோமெட்ரிக் முதலில் வர வேண்டும். இன்டர்வியூ நாளை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள்.

"பொண்ணுக்குப் பிரசவம்னு சொன்னா சீக்கிரம் தரமாட்டாங்களா?" இது அம்மாவின் கேள்வி. அவசர அப்பாயின்ட்மென்ட் என்று ஒன்று உண்டு. கல்யாணம், பட்டமளிப்பு, கர்ப்பிணி உறவினருக்கு உதவப் போவது ஆகியவை அதில் சேராது என்று தூதரகம் எழுதியே வைத்திருக்கிறது. அம்மாவுக்கு அது நியாயமாகப் படவில்லை. எனக்கும்தான்.

மாணவர்களுக்கு ஒரு வரி. கல்லூரி சேரும் பருவத்தைத் தள்ளிவைத்து அதே கல்லூரி I-20 என்ற சேர்க்கைச் சான்றைப் புதிதாக அனுப்பினால், அதிலுள்ள N என்று தொடங்கும் SEVIS எண், அதாவது மாணவர் பதிவு எண், பெரும்பாலும் மாறாது. வேறு கல்லூரிக்கு மாறினால் அந்த எண் மாறும், DS-160 புதிதாக வேண்டும், ஏற்கெனவே கட்டிய 350 டாலர் SEVIS கட்டணத்தைப் புது எண்ணுக்கு மாற்றச் சொல்லிக் கேட்கவும் வேண்டும். இன்டர்வியூ தேதி அப்படியே இருக்கலாம்.

சனிக்கிழமை கணக்கில் எண்களை மாற்றினோம். பெயருக்காக உதவி மையத்துக்கு எழுதியதற்குத் திங்கட்கிழமை பதில் வந்தது, அன்றே புதுச் சீட்டை அச்செடுத்தோம். அம்மாவின் பையில் வைக்கச் சொன்னது புது பாஸ்போர்ட், ரத்தான பழைய பாஸ்போர்ட், புது DS-160 சீட்டு, பழைய DS-160 சீட்டு, புது உறுதிச் சீட்டு. புதன்கிழமை காலை காட்பாடியில் ரயிலேறிப் போனார்கள். மதியம் வாத்தியார் போன் செய்தார். கவுன்ட்டரில் இருந்த பெண் உறுதிச் சீட்டையும் புது பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம், பழைய பாஸ்போர்ட்டை ஒரு தரம் புரட்டினாராம், அம்மாவின் விரல்களை வைக்கச் சொன்னாராம். "பழைய படிவத்தைக் கேட்கவே இல்லை தம்பி," என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.